பக்கத்து அலைவரிசையில் கேட்கும் 'டிக்'

இரவு நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ரிசீவரைத் திறந்து வைத்தால் மோர்ஸ் ஒலிகள் நெருக்கியடித்துக்கொண்டு கேட்கும். ஹாம் வானொலிக்காரர்கள் 40 மீட்டர் பட்டை என்று சொல்லும் இடம் அது. தூரத்து நிலையம் ஒன்றை மெல்லிய குரலில் பிடித்து எழுதிக்கொண்டிருப்பவருக்கு, நடுநடுவே வேறொரு சத்தம் வந்து விழும். 'பீப்' என்ற இசை அதில் இருக்காது. வெறும் 'டிக்', சற்று இடைவெளி, மறுபடி ஒரு 'டிக்'. டயலை 1 கிலோஹெர்ட்ஸ் நகர்த்திப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அங்கே உள்ளூர் நிலையம் ஒன்று பெரிய சத்தத்தில் மோர்ஸ் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு புள்ளியும் கோடும் தொடங்கும்போது ஒரு டிக், முடியும்போது ஒரு டிக். இதைக் கீ கிளிக் என்பார்கள்.

அவர் அனுப்புவது ஒரே ஓர் அலைவெண்தானே? 7020 கிலோஹெர்ட்ஸில் அலை இருக்கிறது, அல்லது இல்லை. கீயை அழுத்துகிறார், விடுகிறார். அப்படியிருக்க 7021-ல் ஏன் கேட்கிறது? கருவி பழுது என்றுதான் முதலில் தோன்றும். கருவி சொன்னபடி வேலை செய்தாலும் இது கேட்கும். காரணம், அழுத்தி விடுவதன் வடிவத்தில் இருக்கிறது.

மோர்ஸ் புள்ளியின் நீளத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்வோம். வேகத்தை அளக்க PARIS என்ற சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சொல்லுக்குப் பின் வரும் இடைவெளியையும் சேர்த்து அது 50 புள்ளி நீளம். நிமிடத்துக்கு 20 சொல் என்றால் 1000 புள்ளி நீளங்கள். ஆகவே ஒரு புள்ளி 60 மில்லிசெகண்ட். அந்த 60 மில்லிசெகண்ட் முழுக்க அலை ஒரே உயரத்தில் நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் பூஜ்யம். வரைந்தால் ஒரு செவ்வகம்.

இந்தச் செவ்வகத்துக்குள் எந்தெந்த அலைவெண்கள் எவ்வளவு இருக்கின்றன என்று கேட்பதுதான் ஃபூரியர் உருமாற்றம். வெப்பம் பொருள்களில் பரவுவதைப் பற்றி 1822-ல் நூல் எழுதிய பிரெஞ்சுக் கணிதர் ஜோசஃப் ஃபூரியர் காட்டிய வழி அது. செய்முறை எளிது. சோதிக்க விரும்பும் அலைவெண்ணில் ஓர் அலையை எடுத்துச் செவ்வகத்தின் மேல் வைக்க வேண்டும். செவ்வகத்துக்குள் அடங்கும் பகுதியில் மேடுகளின் பரப்பைக் கூட்டி, பள்ளங்களின் பரப்பைக் கழிக்க வேண்டும். மிச்சம் எவ்வளவோ, அந்த அலைவெண் அந்த அளவுக்கு உள்ளே இருக்கிறது. 7020 கிலோஹெர்ட்ஸைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று மட்டும் பார்ப்போம்.

விலகல் பூஜ்யம் என்றால் மேடு பள்ளமே இல்லை. முழுப் பரப்பும் கிடைக்கிறது. அதை 1 என்று கொள்வோம். விலகலைக் கூட்டிக்கொண்டே போனால், 60 மில்லிசெகண்டுக்குள் சரியாக ஒரு முழு அலை அடங்கும் இடம் வரும். ஒரு மேடு, ஒரு பள்ளம். வெட்டிய மண் குழியை நிரப்புவது போல ஒன்று மற்றதைச் சரிக்கட்டிவிடும். மிச்சம் பூஜ்யம். இது நிகழ்வது 1-ஐ 0.06-ஆல் வகுத்தால் வரும் 16.7 ஹெர்ட்ஸில். இரண்டு முழு அலை அடங்கும் 33.3 ஹெர்ட்ஸிலும் பூஜ்யம், மூன்று அடங்கும் 50-லும் பூஜ்யம்.

இவற்றுக்கு நடுவில்தான் சிக்கல். 25 ஹெர்ட்ஸில் ஒன்றரை அலை அடங்குகிறது. முழு அலை தனக்குள் சரிக்கட்டிக்கொண்டது. மிச்சமுள்ள அரை அலைக்குத் துணையில்லை. அது செவ்வக நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அரை அலையின் சராசரி உயரம் 0.637. பெருக்கினால் 0.21. அதாவது நடுவில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், 25 ஹெர்ட்ஸ் தள்ளியும் இருக்கிறது. இரண்டரை அலை அடங்கும் இடத்தில் மிச்ச அரை அலை ஐந்தில் ஒரு பங்குதான், விடை 0.13. அடுத்தது ஏழில் ஒரு பங்கு, அதற்கடுத்தது ஒன்பதில் ஒன்று.

இந்த விடைகளையெல்லாம் ஒரு தாளில் குறித்து இணைத்தால் நடுவே ஒரு பெரிய குமிழும், இரு பக்கமும் சிறுத்துக்கொண்டே போகும் குட்டிக் குமிழ்களும் தெரியும். மேலும் கீழுமாக மாறி மாறி வரும் இந்த வடிவத்துக்கு சிங்க் என்று பெயர். புள்ளியின் நீளம் T, விலகல் f என்றால் அதன் சூத்திரம் sin(πfT)/(πfT).

இதில் கவனிக்க வேண்டியது, பக்கக் குமிழ்கள் சிறுக்கும் வேகம் எவ்வளவு மந்தம் என்பதுதான். விலகல் இரட்டித்தால் உயரம் பாதியாகிறது, அவ்வளவே. ஓரிடத்திலும் அது தீர்ந்துபோவதில்லை. 1000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள குமிழின் உயரம் நடுவில் உள்ளதில் 190-ல் ஒரு பங்கு. சிறிதுதானே என்று தோன்றலாம். ஆனால் பக்கத்து ஊர் நிலையத்தின் அலை, தூரத்து நிலையத்தின் அலையைவிட உயரத்தில் ஆயிரம் மடங்கு பெரிதாக வருவது இந்தப் பட்டையில் சாதாரணம். ஆயிரத்தில் 190-ல் ஒரு பங்கு என்றால் 5. நாம் கேட்க விரும்பும் மெல்லிய குரலைவிட அண்டைக்காரரின் சிதறல் ஐந்து மடங்கு பெரியது. உண்மையில் இன்னும் மோசம். நம் ஃபில்டர் ஒரு அலைவெண்ணை மட்டுமா அள்ளுகிறது? சில நூறு ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள எல்லாவற்றையும் அள்ளுகிறது. செவ்வகத்தின் விளிம்பு வரும் அந்தக் கணத்தில் அவை எல்லாம் ஒன்றுகூடி எழுகின்றன. டிக் என்பது அந்த எழுச்சி. புள்ளியின் நடுப்பகுதியில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கிடப்பதால்தான் இசை கேட்பதில்லை.

இப்போது நீளத்தை மாற்றிப் பார்ப்போம். வேகத்தை நிமிடத்துக்கு 40 சொல்லாக்கினால் புள்ளி 30 மில்லிசெகண்ட். முதல் பூஜ்யம் 33 ஹெர்ட்ஸுக்கு நகர்கிறது. காலத்தில் பாதி, பட்டையில் இரட்டிப்பு. இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 1. ரேடாரிலும் இதே பேரம்தான். 1 மைக்ரோசெகண்ட் துடிப்பு அனுப்பினால் 150 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் 1 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் பட்டை தேவைப்படும்.

இந்தப் பேரத்துக்கு ஓர் அடிமட்ட எல்லை உண்டு என்று 1946-ல் டென்னிஸ் கேபர் தகவல் தொடர்புக்காக எழுதிக் காட்டினார். பிற்காலத்தில் ஹோலோகிராஃபிக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். காலப் பரவலையும் அலைவெண் பரவலையும் பெருக்கினால் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எந்த வடிவமும் போக முடியாது. அந்த எல்லையைத் தொடுவது மணி வடிவக் காஸியன் வளைவு மட்டுமே. அவர் பரவலை அளந்த முறையில் நம் செவ்வகத்தைப் போட்டால் வரும் விடை விசித்திரமானது: அலைவெண் பரவல் முடிவிலி. குட்டிக் குமிழ்கள் அவ்வளவு மெதுவாகச் சிறுக்கின்றன. 'பட்டை அகலம் 16.7 ஹெர்ட்ஸ்' என்று சொல்வது நடுக் குமிழுக்கு மட்டுமே பொருந்தும். அண்டைக்காரருக்குத் தொல்லை தருவது அதற்கு வெளியே இருப்பது.

ஆக, இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நடுக் குமிழின் அகலத்தைத் தீர்மானிப்பது புள்ளியின் நீளம். தொலைவில் எவ்வளவு சிதறும் என்பதைத் தீர்மானிப்பது விளிம்பின் கூர்மை. வேகத்தைக் குறைக்காமலே கிளிக்கைப் போக்க முடிவது இதனால்தான். அலை சட்டென்று எழாமல் 5 மில்லிசெகண்டில் வழுக்கி எழுந்து, அதேபோல வழுக்கி இறங்கினால் போதும். விளிம்பை கொசைன் வளைவாக அமைத்தால் 1000 ஹெர்ட்ஸ் தொலைவில் சிதறல் மேலும் 99 மடங்கு குறைகிறது. 190-ல் ஒன்றாக இருந்தது இப்போது ஏறக்குறைய 19,000-ல் ஒன்று. ஆயிரம் மடங்கு பெரிய அண்டை நிலையமும் மெல்லிய குரலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அளவுக்கே தொல்லை தரும். பழைய கருவிகளில் கீ சுற்றில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்த்து இதை ஓரளவு செய்தார்கள். இப்போதைய சில கருவிகளில் எழும் நேரத்தை 2, 4, 6, 8 மில்லிசெகண்ட் என்று மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். 2-ல் வைத்தால் எழுத்து மொறுமொறுப்பாகக் கேட்கிறது என்று சொல்லி அங்கேயே விடுபவர்கள் உண்டு. அந்த மொறுமொறுப்பின் விலையைக் கொடுப்பது பக்கத்து அலைவரிசையில் இருப்பவர்.

சரியாக வழித்த விளிம்பும் பின்னால் கெட்டுப்போகலாம். பவர் ஆம்ப்ளிஃபயரை அதன் வரம்புக்கு மேல் ஓட்டினால், அது வளைவின் தலையைச் சீவி விளிம்பை மறுபடி செங்குத்தாக்கிவிடும். வாட்டர்ஃபால் திரையில் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒவ்வொரு புள்ளியின் தொடக்கத்திலும் முடிவிலும் திரையின் குறுக்கே மெல்லிய கோடு ஓடும். ஆனால் அண்டைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் நம் ரிசீவரைச் சந்தேகிப்பது நல்லது. அட்டனுவேட்டரில் 20 டெசிபெல் போட்டுப் பாருங்கள். நிலையத்தின் ஒலி குறையும் அளவைவிடக் கிளிக் அதிகமாகக் குறைந்தால், வலுவான அலை தாங்காமல் நம் ரிசீவரே கிளிக்கை உண்டாக்குகிறது. நாய்ஸ் பிளாங்கரையும் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதுவும் பொய்க் கிளிக் தரும்.

கேட்பவர் பக்கத்தில் இதே கணக்கு தலைகீழாக வருகிறது. தொல்லை தாங்காமல் ஃபில்டரை 50 ஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால், அது ஏறி இறங்க 20 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். 60 மில்லிசெகண்ட் புள்ளி தப்பிவிடும்; 40 சொல் வேகத்தில் 30 மில்லிசெகண்ட் புள்ளிகளும் இடைவெளிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். ஃபில்டரின் ஓரங்களைச் சுவர்போல் செங்குத்தாக அமைத்தால் இப்போது அலைவெண் பக்கம் செவ்வகம், காலத்தின் பக்கம் சிங்க். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஒலி அதிர்ந்து அடங்கும்.

ஹாம்கள் விரட்டப் பார்க்கும் இந்தச் செவ்வகத்தை 4ஜி அலைபேசிக்காரர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள் என்பது சுவாரசியம். சிங்க் வடிவத்தின் பூஜ்யங்கள் சம இடைவெளியில் வருகின்றன அல்லவா? 4ஜியில் ஒரு துடிப்பின் நீளம் 66.7 மைக்ரோசெகண்ட், எனவே பூஜ்யங்கள் 15 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று. ஊர்தி அலைகளையும் சரியாக 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றின் உச்சியும் மற்ற எல்லாவற்றின் பூஜ்யத்தில் உட்காருகிறது. குமிழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தாலும் அளக்கும் புள்ளிகளில் குறுக்கீடு இல்லை. வேகமாக ஓடும் ரயிலில் டாப்ளர் விளைவால் அலைவெண் சற்று நகர்ந்தால் உச்சியும் பூஜ்யமும் விலகி, குறுக்கீடு தலைகாட்டும்.

அடுக்கின் இரு கடைசி ஓரங்களில் மட்டும் இந்தத் தந்திரம் செல்லாது. அங்கே குட்டிக் குமிழ்கள் அடுத்த நிறுவனத்தின் பட்டைக்குள் கசியும். 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜி பட்டையில் தரவு சுமப்பவை 600 ஊர்தி அலைகள், அதாவது 9 மெகாஹெர்ட்ஸ். மீதி 1 மெகாஹெர்ட்ஸ், ஏலத்தில் காசு கொடுத்து எடுத்த பிறகும், இரு ஓரங்களிலும் காலியாகவே விடப்படுகிறது.