கோட்டின் சுருக்கம் சட்டையிலும் இருக்கலாம்

சட்டை, வெயிஸ்ட்கோட், கோட் என்று மூன்றடுக்காக அணியும் சூட்டில், கோட்டின் பட்டனைப் போட்டதும் அதைச் சுற்றிப் பெருக்கல் குறி போலச் சுருக்கம் விழுவதுண்டு. இடுப்பில் கோட் இறுக்கம் என்பதற்கான அடையாளம் அது. உடனே கோட்டைப் பிரித்து அகலம் விடத் தோன்றும். ஆனால் இறுக்கத்துக்குக் காரணம் உள்ளே மடிந்து கிடக்கும் சட்டையாகவும் இருக்கலாம். வெயிஸ்ட்கோட்டைக் கழற்றிவிட்டு, உடலோடு ஒட்டிய பனியன் மேல் கோட்டை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது சுருக்கம் மறைந்தால், பெரும்பாலும் கோட்டில் பிழையில்லை.

ஆகவே திருத்தம் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். 36 அங்குல இடுப்புள்ள ஒருவரின் சட்டை அந்த இடத்தில் 44 அங்குலம் இருப்பதாகக் கொள்ளலாம். மிச்சமான 8 அங்குலத் துணியும் வெயிஸ்ட்கோட்டுக்கு அடியில் கொத்துக் கொத்தாகத் திரண்டு நிற்கும். புதுப் பருத்திச் சட்டையானால் முதலில் துவைத்துவிடுவது நல்லது. சுருங்குகிற அளவு அப்போதே தெரிந்துவிடும். பிறகு இரு பக்கத் தையலிலும் அரை அங்குலம் உள்ளே தள்ளிப் பிடிக்கலாம்.

பலர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். பக்கத் தையலில் முன்துணி, பின்துணி என இரண்டு மடிப்பு உண்டு. அதனால் அரை அங்குலம் பிடித்தால் ஒரு பக்கத்தில் ஓர் அங்குலமும், இரு பக்கமும் சேர்ந்து 2 அங்குலமும் குறையும். சட்டை 42 அங்குலம் ஆகிவிடும். இதே தவறை மூன்று உடையிலும் ஒரே நாளில் செய்தால், எந்தப் பிழை எந்த அடுக்கில் நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே முதலில் நீளமான, தளர்ந்த ஓட்டுத் தையல் மட்டும் போட்டு, சட்டையை அணிந்து கையைத் தூக்கியும் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மிஷினில் தைத்துவிட்டு வெயிஸ்ட்கோட்டுக்குப் போகலாம். அதன் முதுகுப்பட்டையைத் தளர்த்தினாலே பல நேரம் போதும். துணியைத் தொடவே வேண்டியிருக்காது. இவ்விரண்டும் முடிந்த பிறகே கோட்டைப் போட்டுப் பட்டனைப் பூட்ட வேண்டும். சுருக்கம் இன்னும் மிஞ்சினால், முதுகின் நடுத்தையலில் மடிப்புக்குக் கால் அங்குலம் விடலாம். அரை அங்குலம் கூடும். முதலிலேயே கோட்டைப் பிரித்திருந்தால், சட்டையைச் சரிசெய்த பின் அது தொளதொளத்திருக்கும். பழைய ஊசித் துளைகளும் வெளியே தெரிந்திருக்கும்.

கை நீளத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். தோள்பட்டையில் கை வைத்தால் கை நீளமும் மாறும். கோட்டுக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிவது வழக்கம் என்பதால், சட்டைக் கையை முடிவு செய்த பிறகே கோட்டுக் கையை அளக்க வேண்டும்.

கோட்டின் தோள்பட்டையே பொருந்தாதபோது மட்டும் இந்த வரிசை உதவாது. தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை, செலவும் கூடுதல். அதனால் சட்டையில் ஊசி ஏற்றும் முன்பே கோட்டை ஒருமுறை போட்டுத் தோளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று உடையையும் சேர்த்து அணிந்து பார்க்கும் வரை உள்ளே மிஞ்சிய துணியை எதிலும் வெட்டக் கூடாது.