காலி ஓட்டுக்கு ஒரு வரிசை

மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் கரைக்கு அப்பால், பவளத்திட்டின் மேல் கேரி போ கே என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. தரையில் வாழும் துறவி நண்டுகள் அங்கே ஏராளம். ரேண்டி ரோட்ஜன் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் அவை எப்படி ஓடு மாற்றுகின்றன என்பதை அங்கேயே கவனித்து, 2010-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். காலி ஓடு ஒன்றைச் சுற்றிக் கூடும் நண்டுகள் பெரியதிலிருந்து சிறியது வரை அளவு வாரியாக வரிசையில் நிற்கின்றன என்பதுதான் அதில் மனதை இழுக்கும் செய்தி.

இந்த நண்டுக்கு முன்பகுதி மட்டுமே கெட்டி. பின்பகுதி மெத்தென்று, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். செத்த நத்தையின் ஓட்டுக்குள் அதை நுழைத்து, வால்நுனியால் ஓட்டின் நடுத்தண்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. செவுள் காயாமலிருக்கக் கொஞ்சம் தண்ணீரும் ஓட்டுக்குள்ளேயே இருக்கும். நண்டு வளர்கிறது, ஓடு வளர்வதில்லை. ஓடு இறுகிவிட்டால் வளர்ச்சி குன்றும், பெண் நண்டு இடும் முட்டைகள் குறையும், பகை வந்தால் முழுதாக உள்ளே ஒடுங்கவும் முடியாது. அளவுக்கு மீறிப் பெரிதானால் அந்தப் பாரத்தை இழுத்தே சோர்ந்துபோகும். இதற்கிடையில், நல்ல ஓடு கரையில் சும்மா கிடைப்பது அபூர்வம்.

இப்போது ஒரு பெரிய ஓடு கரை ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் நடுத்தர நண்டு அதைத் தொட்டு, உருட்டி, வாய்க்குள் கொடுக்கை விட்டு அளக்கிறது. தனக்கு மிகப் பெரிது என்று தெரிகிறது. ஆனாலும் விலகிப் போகாமல் பக்கத்திலேயே காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்பில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. இந்த ஓட்டுக்குப் பொருத்தமான பெரிய நண்டு ஒன்று வந்தால், அது கழற்றிப் போடும் ஓடு நமக்கு ஆகலாம். அடுத்து வரும் சிறிய நண்டுக்கோ, இந்த நடுத்தர நண்டு முதுகில் சுமக்கும் ஓட்டின் மேல்தான் கண். அதனால் அதன் பின்னால் போய் ஓட்டைப் பற்றிக்கொள்கிறது. அதைவிடச் சிறியது அதன் பின்னால். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்தபடியாகப் பொருந்தும் ஓடு யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பின்னால் நிற்பதால், வரிசை தானாகவே அளவுப்படி அமைந்துவிடுகிறது. இதில் மரியாதையோ விட்டுக்கொடுத்தலோ இல்லை. எல்லாம் அவரவர் தேவைதான். சில நேரம் ஒரே ஓட்டுக்கு இரண்டு வரிசைகள் உருவாகி இழுபறி நடக்கும். கடைசியில் நிற்பவை கட்சி மாறுவதும் உண்டு.

பொருத்தமான பெரிய நண்டு வந்து காலி ஓட்டுக்குள் புகுந்ததும் காத்திருப்பு முடிகிறது. அதன் பழைய ஓட்டில் அடுத்தது, அதன் ஓட்டில் அதற்கடுத்தது என்று சில நொடிகளில் வரிசையே வீடு மாறிவிடுகிறது. இந்த வேகம் அவசியமானது. ஓடில்லாத சில கணங்களில் மெல்லிய உடல் வெயிலுக்கும் பறவைக்கும் திறந்து கிடக்கிறது. கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத ஓட்டை உடைசல் ஓடு. வந்து சேர்ந்தது ஓர் ஓடு. பலன் அடைந்தவை பல நண்டுகள்.

இந்தச் சங்கிலியை நண்டுகளிடம் முதலில் தேடிப் போனவர் ஒரு சமூகவியலாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அலுவலகத்தில் மேலாளர் ஓய்வு பெற்றால் கீழே ஒவ்வொருவராக ஒரு படி ஏறி, கடைசியில் ஒரு புதியவருக்கு இடம் கிடைக்கிறதல்லவா? ஹாரிசன் வைட் என்ற அறிஞர் அமெரிக்கத் தேவாலயப் போதகர்களின் பணியிட மாற்றங்களை வைத்து, இப்படிக் காலியிடம் கைமாறுவதை 1970-இல் விளக்கியிருந்தார். அதைப் படித்த ஐவன் சேஸ், நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரையில் கடல்வாழ் துறவி நண்டுகளிடம் அதே சங்கிலி நடப்பதை 1980-களில் காட்டினார்.

எல்லா மாற்றமும் வரிசையில் நிகழ்வதில்லை. நண்டுகள் குறைவாக உள்ள இடத்தில் ஒன்று கழற்றிப் போட்ட ஓட்டை இன்னொன்று நேரம் கழித்துத் தனியாகக் கண்டெடுக்கிறது. வரிசை உருவாகக் கூட்டம் வேண்டும். தரை நண்டுகளைக் கூட்டும் அழைப்புகளில் ஒன்று, செத்த நண்டின் வாடை. ஒரு நண்டு செத்தால் ஓர் ஓடு காலியாகிறது என்று பொருள்.

இந்த அழைப்பே இன்று அவற்றுக்குப் பொறியாகியிருக்கிறது. கரையில் வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் நுழையும் நண்டால் வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடிவதில்லை. அது செத்ததும் வாடை கிளம்புகிறது. ஓடு தேடி அடுத்தது உள்ளே போகிறது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் இப்படிச் சிக்கி மடிந்த நண்டுகள் சுமார் 5,70,000 இருக்கும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரே ஒரு பாட்டிலுக்குள் மட்டும் 526 நண்டுகளை ஆய்வாளர்கள் எண்ணினார்கள்.