ஈத்தீன் ஏன் தட்டையாக இருக்கிறது?

கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றில் இரண்டு 2s ஆர்பிட்டாலில் ஜோடியாக இருக்கின்றன. மற்ற இரண்டும் 2p ஆர்பிட்டால்களில் தனித்தனியாக நிற்கின்றன. பிணைப்புக்கு வேண்டியது ஜோடி சேராத எலக்ட்ரான். அப்படியானால் கார்பன் இரண்டே ஹைட்ரஜனோடு CH₂ என்று நின்றிருக்க வேண்டும். p ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் கோணமும் 90 பாகையாக இருந்திருக்கும். ஆனால் சாண எரிவாயு அடுப்பில் எரிவது CH₄. அதன் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளம். எந்த இரண்டுக்கும் இடையே கோணம் 109.5 பாகை.

கார்பனின் நான்கு கைகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன என்று வான்ட் ஹாஃப் 1874இலேயே சொல்லிவிட்டார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1897இல்தான். அந்த வடிவத்துக்கு எலக்ட்ரான் வழியாக விளக்கம் தந்தவர் லைனஸ் பாலிங். 1931இல் அவர் முன்வைத்த கருத்துதான் இனக்கலப்பு. ஒரு s ஆர்பிட்டாலையும் மூன்று p ஆர்பிட்டால்களையும் கணக்கில் கலந்தால், ஒரே மாதிரியான நான்கு sp³ ஆர்பிட்டால்கள் கிடைக்கின்றன. அவை ஒன்றைவிட்டு ஒன்று இயன்றவரை விலகி நிற்கும் அமைப்புதான் நான்முகி.

இதற்குச் செலவு உண்டு. 2s எலக்ட்ரான் ஒன்றை p நிலைக்கு ஏற்ற, ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆனால் அதனால் கூடுதலாக இரண்டு C–H பிணைப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 413 கிலோஜூலைத் திருப்பித் தருகிறது. கார்பனுக்கு இதில் லாபம்தான்.

ஈத்தீனில், அதாவது C₂H₄இல், ஒவ்வொரு கார்பனும் மூன்று அணுக்களோடு மட்டுமே சேர்கிறது. அதனால் ஒரு s, இரண்டு p கலந்து மூன்று sp² ஆர்பிட்டால்கள் ஆகின்றன. அவை ஒரே தளத்தில் ஏறத்தாழ 120 பாகை இடைவெளியில் விரிகின்றன. கலப்பில் சேராத ஒரு p ஆர்பிட்டால் தளத்துக்கு மேலும் கீழுமாக நிமிர்ந்து நிற்கிறது.

கார்பன்கள் இரண்டும் sp² ஆர்பிட்டால்களால் நேருக்கு நேர் மோதிச் சேர்வது சிக்மா பிணைப்பு. அதன் எலக்ட்ரான் மேகம் இரு அணுக்கருக்களையும் இணைக்கும் கோட்டின் மீதே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் இரண்டு p ஆர்பிட்டால்களும் பக்கவாட்டில் உரசிச் சேர்வது பை பிணைப்பு. அதன் மேகம் அந்தக் கோட்டில் இல்லை. தளத்தின் மேலும் கீழும் பரவியிருக்கிறது.

ஒரே ஆணியில் மாட்டிய பலகையைப் போல, சிக்மா பிணைப்பு மட்டும் இருந்தால் மூலக்கூறைத் திருகலாம். ஈத்தேனைத் திருக மோலுக்கு 12 கிலோஜூல் போதும். அறை வெப்பத்திலேயே அது ஓயாமல் சுழல்கிறது. ஈத்தீனைத் திருகினால் p ஆர்பிட்டால்கள் இணையாக நிற்பது குலைகிறது. 90 பாகை வந்ததும் உரசல் முற்றிலும் அற்றுப்போகிறது. அதாவது பை பிணைப்பையே முறிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகும்? C=C பிணைப்பின் ஆற்றல் சுமார் 611 கிலோஜூல், C–C பிணைப்பினுடையது சுமார் 347. வித்தியாசம் 264. அறை வெப்பம் இவ்வளவைத் தராது. அதனால்தான் ஈத்தீனின் ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் கட்டுண்டு கிடக்கின்றன.

இது வெறும் கணக்கல்ல, சோதித்துப் பார்க்கக்கூடியது. ஈத்தீனின் உறவினரான பியூட்-2-ஈனில் இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மெத்தில் தொகுதி உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் அது சுமார் 4 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் 1 பாகையில். பிணைப்பு சுழலக்கூடியதாக இருந்தால் இவை இரண்டு தனிப் பொருள்களாகவே இருக்க முடியாது.

அதே 264ஐ 347உடன் ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரிகிறது: பை பிணைப்பு சிக்மாவைவிட வலு குறைந்தது. புரோமின் நீரில் ஈத்தீனைச் செலுத்தியதும் செம்பழுப்பு நிறம் மறைவதற்குக் காரணம், அங்கே முறிவது இந்தப் பை பிணைப்புதான் என்பதே.

ஈத்தைனில் ஒரு s, ஒரு p மட்டுமே கலக்கின்றன. இரண்டு sp ஆர்பிட்டால்களும் 180 பாகையில் எதிரெதிராக நிற்க, நான்கு அணுக்களும் ஒரே கோட்டில் அமைகின்றன. கலக்காமல் மிஞ்சிய p ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பை பிணைப்புகளைத் தருகின்றன. கார்பன்களுக்கு இடையே உள்ள தூரம் ஈத்தேனில் 154 பிக்கோமீட்டர். ஈத்தீனில் 134, ஈத்தைனில் 120. ஈத்தைனில் s பங்கு பாதியாக இருப்பதால் எலக்ட்ரான்கள் கார்பனை ஒட்டி இழுக்கப்படுகின்றன. ஹைட்ரஜனின் பிடி தளர்கிறது. அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஈத்தைன் வெண்ணிற வீழ்படிவு தருவதும், ஈத்தீன் தராததும் இதனால்தான்.

ஆனாலும் sp³ ஆர்பிட்டால்கள் மீத்தேனுக்குள் அப்படியே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மீத்தேனிலிருந்து எலக்ட்ரான்களை ஒளியால் பிடுங்கி அளந்தால் நான்கு பிணைப்புகளுக்கும் ஒரே ஆற்றல் வருவதில்லை. சுமார் 14, சுமார் 23 எலக்ட்ரான் வோல்ட் என இரண்டு வேறு மதிப்புகள் வருகின்றன. அந்த இரண்டையும் விளக்க, மூலக்கூறு முழுவதும் பரவும் ஆர்பிட்டால்களைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. வடிவத்தையும் கோணத்தையும் சொல்வதற்கு இனக்கலப்பு போதும். எலக்ட்ரானின் ஆற்றலைச் சொல்வதற்குப் போதாது.