அடுத்து என்ன படிக்கலாம்? – 9
கொலையாளி யாரென்று முதலிலேயே தெரிந்தால்

‘தி டே ஆஃப் த ஜக்கால்’ மாதிரியே இன்னொரு நாவல் சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் பலர். பழைய புத்தகக் கடையில் இதே கேள்வியைக் கேட்டால், கடைக்காரர் ராபர்ட் லட்லமின் ‘தி போர்ன் ஐடென்டிட்டி’யை எடுத்துக் கையில் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை. பாரிஸ், கூலிக் கொலையாளி, போலி பாஸ்போர்ட், துரத்தல் என்று எல்லாமே இரண்டிலும் இருக்கின்றன. 1980-ல் வந்த லட்லமின் நாவலில் வில்லனாக வருபவன் நிஜ உலகத் தீவிரவாதி கார்லோஸ். 1975-ல் லண்டனில் அவனோடு தொடர்புடைய ஒரு வீட்டில் ஃபிரெடெரிக் ஃபோர்சைத்தின் ஜக்கால் நாவல் கிடந்ததைப் பார்த்துத்தான் பத்திரிகைகள் அவனுக்கு ‘ஜக்கால்’ என்று பெயர் வைத்தன. இத்தனை உறவு இருந்தும், முதல் நாவலை ரசித்தவர்களில் பலர் இரண்டாவதை நூறு பக்கத்தில் மூடிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. போர்ன் கடலிலிருந்து தூக்கப்படும்போது தன் பெயரே அவனுக்குத் தெரியாது. வாசகனுக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து இருட்டில் தடவிக்கொண்டே போகிறோம். ஜக்கால் கதையில் நிலைமை தலைகீழ். அங்கே கதையில் வரும் எவரையும்விட நமக்கு அதிகம் தெரியும். கொலையாளி எந்த ஊரில் இருக்கிறான், எந்தப் பெயரில் இருக்கிறான் என்பது நமக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியாது. போலீஸ் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதும் நமக்குத் தெரியும். சில நேரம் அவனுக்குத் தெரியாது. ‘ஸ்பை த்ரில்லர்’ என்ற அலமாரிச் சீட்டு இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

அதனால் பிடித்த நாவலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜக்காலையே எடுத்துக்கொள்வோம். 1963-ல் பிரான்ஸ் அதிபர் டி காலைச் சுடுவதற்கு ஓ.ஏ.எஸ். என்ற தீவிர வலதுசாரி ரகசிய அமைப்பு ஓர் ஆங்கிலேயனை அமர்த்துகிறது. அவர் சுடப்படவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஃபோர்சைத் இதை எழுதிய 1970 ஜனவரியில் டி கால் உயிரோடுதான் இருந்தார். முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று பல பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு புத்தகம் வெளிவந்து உலகம் முழுக்க விற்றது. ஆகவே, ‘அவர் சாவாரா மாட்டாரா’ என்ற கேள்வியால் நாம் பக்கம் புரட்டவில்லை. பிறகு எதனால் புரட்டினோம்?

முதலில் வேகம். விறுவிறுப்பான நாவல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முதல் பாதியைத் திரும்பப் படித்தால் சண்டை மிகக் குறைவு. ஜக்கால் நூலகத்தில் உட்கார்ந்து டி காலைப் பற்றிப் படிக்கிறான். கல்லறைத் தோட்டங்களில் சுற்றி, சிறு வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைத் தேடிப் பிடிக்கிறான். அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதை வைத்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். பெல்ஜியத்தில் துப்பாக்கி செய்பவரிடம் எடை, நீளம், குழாயின் விட்டம் என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறான். ஆர்டென் காட்டில் மரத்தில் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டு, தூரத்தை எண்ணி நடந்து, சுட்டு, போய்ப் பார்த்து, தொலைநோக்கியின் திருகைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி சுடுகிறான். குறி சரியாகும்வரை இதுதான் நடக்கிறது. கடைசியில் நிஜக் கொலைக்கு வைத்திருக்கும் வகைத் தோட்டாவில் ஒன்றைப் போட்டுச் சுட்டுப் பார்க்கிறான். அந்தப் பழத்துக்கு என்ன ஆனது என்று படிக்கிறபோது வருகிற பதற்றம், பத்துக் கார் துரத்தல்களில் வராது.

மார்ச்சில் தொடங்கும் கதையின் முதல் பகுதி மாதக்கணக்கில் ஓடுகிறது. இரண்டாம் பகுதி ஆகஸ்டின் சில நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றாம் பகுதி மிகச் சிறியது. ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை நாளை நோக்கி மணிக்கணக்கில் நகர்கிறது. மாதம், நாள், மணி என்று காலம் இறுகிக்கொண்டே வருவதைத்தான் நாம் விறுவிறுப்பு என்று சொல்கிறோம். வாக்கியங்கள் கடைசிவரை அதே நிதானத்தில்தான் இருக்கின்றன.

தொனி இன்னொரு விஷயம். ஃபோர்சைத் 1960-களின் தொடக்கத்தில் ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இருந்தவர். செய்தி அறிக்கையின் குரலிலேயே எழுதுகிறார். தேதி, நேரம், இடம், பதவிப் பெயர். 1962-ல் டி கால் மீது நடந்த நிஜக் கொலைமுயற்சியிலும், அதற்காக பாஸ்தியன்-திரி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டதிலும் தொடங்கிவிட்டு, அதே குரலில் கற்பனைக்குள் நம்மை நடத்திச் செல்கிறார். எந்த இடத்தில் வரலாறு முடிந்து கதை தொடங்கியது என்று சட்டென்று சொல்ல முடியாது. கொலையாளி மேல் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. அவனுடைய உண்மைப் பெயர் கடைசிவரை நமக்குக் கிடைப்பதே இல்லை.

கட்டமைப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்தது அதுதான். துப்பறியும் அதிகாரி லெபெல் சாவகாசமாக, கிட்டத்தட்ட பாதிக் கதையில்தான் வருகிறார். ஜக்கால் முதல் பாதியில் நடந்த அதே பாதையில் அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து நடக்கிறார். லண்டனில் குமாஸ்தாக்கள் பாஸ்போர்ட் விண்ணப்பங்களையும் இறப்புப் பதிவேடுகளையும் ஒப்பிட ஆரம்பிக்கும்போது, அந்தக் கல்லறைத் தோட்டம் நமக்கு ஞாபகம் வருகிறது. அவர்கள் எந்தக் காகிதத்தைத் தேடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். கண்டுபிடிப்பார்களா, எப்போது என்பதுதான் பதற்றம். (இந்தப் பாஸ்போர்ட் ஓட்டை பிரிட்டனில் நிஜமாகவே இருந்தது. நாவல் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஆட்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.)

எல்லாம் தெரியும் என்றேன், முழுக்க உண்மையில்லை. ஜக்கால் பழைய துணிச் சந்தையில் ஒரு ராணுவக் கோட்டையும் பதக்கங்களையும் வாங்குவதைப் பார்க்கிறோம். எதற்கு என்று சொல்லப்படுவதில்லை. செயல் கண்முன்னால் நடக்கிறது, நோக்கம் மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது. ‘யார்’ என்பதை முதலிலேயே கொடுத்துவிட்டு ‘எப்படி’யைப் பதுக்கி வைக்கிற நாவல் இது.

இப்போது தேடலாம். முதலில் அதே ஆசிரியர். ஜக்காலுக்கு அடுத்து 1972-ல் வந்த ‘தி ஒடெஸா ஃபைல்’தான் வழக்கமாகக் கைக்கு வரும். நல்ல நாவல், ஆனால் அதில் ஒரு பத்திரிகையாளன் பழைய நாஜி அதிகாரி ஒருவனைத் தேடிப் போகிறான். தேடுகிறவன் கூடவே போகிறோம், அவன் ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் தேடுகிறான் என்பதையும் கடைசிவரை மறைத்து வைக்கிறார். தொனி அதேதான், கட்டமைப்பு வேறு. பலருக்கு ‘என்னவோ குறைகிறது’ என்று தோன்றுவது இதனால்தான். அவர்கள் 1984-ல் வந்த ‘தி ஃபோர்த் புரோட்டோகால்’ பக்கம் போகலாம். ஓர் அணுகுண்டின் பாகங்கள் துண்டு துண்டாக இங்கிலாந்துக்குள் கடத்தப்படுகின்றன, சோவியத் ஆள் ஒருவன் அமைதியாக வீடு எடுத்துத் தங்கிச் சேர்க்கிறான், எம்.ஐ.5 அதிகாரி ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். முலாம்பழக் காட்சியை ரசித்தவருக்கு இது விருந்து. நடுவில் வரும் பிரிட்டிஷ் அரசியல் விளக்கங்கள் மட்டும் நீளம், பொறுமை வேண்டும்.

ஆசிரியரைத் தாண்டினால் கென் ஃபாலெட்டின் ‘ஐ ஆஃப் த நீடில்’, 1978. இரண்டாம் உலகப் போர். நேச நாட்டுப் படைகள் எங்கே கரை இறங்கப் போகின்றன என்ற ரகசியத்தை ஒரு ஜெர்மன் உளவாளி கண்டுபிடித்துவிடுகிறான். நார்மண்டியில் இறங்கியது வெற்றி பெற்றது என்று வரலாறு சொல்லிவிட்டது. ஆக முடிவு தெரிந்த கதை, பெயர் தெரிந்த கொலையாளி, பின்னால் வரும் பிரிட்டிஷ் உளவுத்துறை, இறுகிக்கொண்டே வரும் காலம், எல்லாம் பொருந்துகிறது. மாறுவது தொனி. ஒரு தீவில் கணவனோடு கசந்துபோய் வாழும் லூசி என்ற பெண் மூன்றாவது இழையாக வருகிறாள். கதை அவளுடைய மனசுக்குள் போகிறது, காதலும் காமமும் வருகின்றன. ஜக்காலின் ஈரமற்ற குரலுக்காகவே அதைப் படித்தவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். அந்தக் குரல் கொஞ்சம் வறட்சி என்று நினைத்தவர்களுக்கு ஃபாலெட் இன்னும் பிடிப்பார்.

கதைச் சுருக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லோரான் பினேயின் ‘எச்எச்எச்எச்’ நல்ல உதாரணம். 2010-ல் பிரெஞ்சில் வந்தது. 1942 மே 27 அன்று ப்ராக் நகரில் நாஜித் தலைவன் ஹைட்ரிக்கைத் தாக்கிய இரண்டு வீரர்களின் நிஜக் கதை. பின்னட்டையைப் படித்தால் ஜக்காலின் அண்ணன் தம்பி போலத் தெரியும். உள்ளே போனால் ஆசிரியரே பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து, இந்த வசனத்தை நான் எழுதலாமா, இந்தக் காரின் நிறம் எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று வாதாடுகிறார். எனக்கு மிகப் பிடித்த புத்தகம்தான், ஆனால் ஜக்கால் கேட்டவரிடம் இதைக் கொடுக்க மாட்டேன்.

அதற்குப் பதில், அலமாரியில் எங்கோ தள்ளி இருக்கும் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ஐக் கொடுப்பேன். உளவு இல்லை, அரசியல் இல்லை, துப்பாக்கிகூட இல்லை. டோக்கியோவில் ஒரு குடியிருப்பு, தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவன், பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர். கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. மறைப்பவர் ஒரு பக்கம், போலீஸும் அதற்கு உதவும் இயற்பியலாளரும் மறுபக்கம். இருவர் வீட்டுக்கும் மாறி மாறிப் போகிறோம். ஆசிரியர் ஏதோ செய்திருக்கிறார் என்று தெரியும், அது என்ன என்று தெரியாது. ராணுவக் கோட்டைப் பார்த்துவிட்டு ‘இது எதற்கு’ என்று யோசித்தீர்களே, அதே அரிப்பு இங்கே முழு நாவலுக்கும் நீள்கிறது. விடை என்ன என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

கடையில் நின்றபடியே இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பின்னட்டையை விட்டுவிட்டு, முதல் அத்தியாயத்தையும் சரியாக நடுவில் ஓர் அத்தியாயத்தையும் புரட்டுங்கள். முதல் அத்தியாயத்தில் கொலையாளியின் பக்கத்தில் நிற்கிறோமா, பிணத்தின் பக்கத்திலா என்று பாருங்கள். பிணத்தின் பக்கம் என்றால் பெரும்பாலும் ‘யார்’ என்று கேட்கும் நாவல். நடு அத்தியாயத்தில், வேட்டைக்காரன் பக்கம் கதை போகிறதா என்று பாருங்கள். தன்மை ஒருமையில் ‘நான்’ என்று ஓடினால் அந்த இரண்டு பக்கப் பார்வை அநேகமாகக் கிடைக்காது. ஜெஃப்ரி ஹவுஸ்ஹோல்டின் ‘ரோக் மேல்’ (1939) அப்படித்தான். பெயர் சொல்லாத ஒரு சர்வாதிகாரியைத் துப்பாக்கி முனையில் குறிபார்த்தவன் தப்பி வந்து இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்குகிறான். ஜக்கால் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் நாவல் அது. அதில் நாம் வளைக்குள்ளேயேதான் இருக்கிறோம். வெளியே யார் எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அதற்குப் பொருத்தமான துணை நூல்கள் வேறு. அவை அடுத்த வாரம்.