உங்களுக்குத் தெரியுமா? கிரியேட்டினுக்கு ‘கேப்’ விட வேண்டுமா?

★ ஆடி பிறந்தால் திருவேற்காட்டில் பல வீடுகளில் அசைவம் நின்றுவிடும். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் அதோடு கிரியேட்டின் டப்பாவையும் மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் இரண்டு சொல்வார்கள். “அது கறியிலிருந்து எடுக்கிறதாமே?” என்பது ஒன்று. “எப்படியும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கேப் விடணும்ல?” என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை.

★ கிரியேட்டினை 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் முதன்முதலில் பிரித்தெடுத்தது இறைச்சியிலிருந்துதான். ஆனால் இன்று டப்பாவில் வரும் வெள்ளைத் தூளுக்கும் கறிக்கும் சம்பந்தமில்லை. சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்து ஆலையில் தயாரிப்பது அது. விரதக்காரர் கவனிக்க வேண்டியது தூளை அல்ல, மாத்திரைக் கூட்டை. காப்ஸ்யூலின் மேல்கூடு ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கிலிருந்து வந்தது. டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

★ நம் உடம்பே தினமும் ஏறக்குறைய 1 கிராம் கிரியேட்டின் தயாரிக்கிறது. இன்னொரு கிராம் அளவுக்குக் கறி, மீனிலிருந்து கிடைக்கிறது. பச்சைக் கோழி ஒரு கிலோவில் இருப்பதே சுமார் 4 கிராம்தான். ஆடியிலும் புரட்டாசியிலும் அசைவத்தை நிறுத்துபவருக்கு இந்த இரண்டாவது வரவு அநேகமாக நின்றுவிடுகிறது. அந்த மாதத்திலேயே தூளையும் நிறுத்தினால் தசையில் சேர்ந்த இருப்பு கறி, தூள் இரண்டிலிருந்தும் வரவில்லாமல் இறங்கும். நிறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத மாதம் வேறில்லை.

★ ‘எட்டு வாரம் ஆன், நாலு வாரம் ஆஃப்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஸ்டீராய்டு ஊசி போடுபவர்களின் பழக்கத்தை அப்படியே இதற்கும் ஒட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தியை அடக்கிவிடும், அது மீள அவகாசம் வேண்டும் என்பது அங்கே உள்ள கணக்கு. கிரியேட்டின் ஹார்மோனே இல்லை. பளு தூக்கும் அந்தச் சில விநாடிகளில் தசைக்கு வேண்டிய சக்தியை உடனுக்குடன் ஈடுகட்டும் சேமிப்பு அது. வெளியிலிருந்து எடுக்கும்போது உடம்பு தன் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் தூளை நிறுத்தினால் தயாரிப்பு மறுபடி தொடங்கிவிடுகிறது. தசையின் இருப்பு பழைய அளவுக்குத்தான் இறங்குகிறது, அதற்குக் கீழே போவதில்லை.

★ இன்னொரு பயமும் உண்டு: தொடர்ந்து எடுத்தால் தசை ‘பழகிப்போய்’ கிரியேட்டினை உள்ளே இழுக்காது என்பது. இதற்கு வேர் 1998-இல் வெளியான ஓர் எலி ஆய்வு. நெடுநாள் கிரியேட்டின் கொடுத்த எலிகளின் தசையில், அதை உள்ளே கொண்டுபோகும் புரதம் குறைந்திருந்தது. மனிதர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2003-இல் வந்தது. இளைஞரிடமும் முதியவரிடமும் அந்தப் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ. குறையவில்லை. எலிச் செய்தி ஜிம் ஜிம்மாகப் பரவியது, மனிதர்களைப் பற்றிய செய்தி பரவவில்லை.

★ சரி, கேப் விட்டால் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் 70 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக அவர் உடம்பில் சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். நிரம்பினால் 160 கிராம் வரை போகும். தினம் 3 கிராம் எடுத்தால் நிரம்பச் சுமார் 28 நாள் ஆகும் என்று ஸ்வீடனில் ஹல்ட்மன் குழு 1996-இல் காட்டியது. தினம் 20 கிராம் வீதம் ஆறு நாள் ‘லோடிங்’ செய்தாலும் வந்து சேரும் இடம் அதேதான், சீக்கிரம் வரும் அவ்வளவே. நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் பழைய நிலை. ஆக, லோடிங் இல்லாமல் எட்டு வாரம் எடுத்து நாலு வாரம் விடுபவருக்கு முதல் நாலு வாரம் நிரப்புவதில் போகிறது, கடைசி நாலு வாரம் வடிவதில் போகிறது. 12 வாரத்தில் முழு இருப்போடு பயிற்சி செய்வது நடுவில் உள்ள நாலு வாரம் மட்டும். மற்ற நாளெல்லாம் டப்பாவுக்குக் கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்.

★ நிறுத்திய சில வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ குறையும். “மசில் போச்சு” என்று பதற வேண்டாம். கிரியேட்டினோடு சேர்ந்து தசைக்குள் போயிருந்த தண்ணீர்தான் வெளியேறுகிறது.

★ நீண்ட நாள் எடுத்ததில் பெரிய சோதனை நடந்தது விளையாட்டு வீரர்களிடம் அல்ல, பார்க்கின்சன் நோயாளிகளிடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,741 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 10 கிராம் கிரியேட்டின், மறு பிரிவுக்கு வெறும் தூள் கொடுத்தார்கள். இடைவெளியே விடாமல், பலருக்கு ஐந்து ஆண்டுகள் வரை. நோய்க்குப் பலன் இல்லை என்று 2013-இல் சோதனையை நிறுத்தினார்கள். ஆனால் பாதுகாப்பில் குறையொன்றும் தென்படவில்லை. ஜிம்மில் எடுக்கும் 3 முதல் 5 கிராமைப்போல் இரண்டு மூன்று மடங்கு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

★ கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. முதலாவது தசையில் கரைந்து உண்டாகும் கழிவுதான் இரண்டாவது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் மந்தம் என்று லேப் கணக்கிடுகிறது. பெரும்பாலான வீண் பயம் இங்கேதான் தொடங்குகிறது. தினம் 5 கிராம் எடுக்கும், நல்ல தசைக்கட்டு உள்ள 27 வயதுக்காரர் கம்பெனி மாஸ்டர் செக்கப்புக்குப் போகிறார். கிரியேட்டினின் 1.4 என்று தடித்த எழுத்தில் வருகிறது. அதை வைத்துச் சிறுநீரகத் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். போட்டால் சுமார் 70. அவர் வயதுக்கு அது குறைவு, வீட்டில் எல்லாரும் கலங்கிப்போவார்கள். ஆனால் அந்தக் கணக்கு சராசரித் தசையை வைத்துப் போட்டது. கூடுதல் தசை, தூள், முந்தின ராத்திரி சாப்பிட்ட பிரியாணிக் கறி, காலையில் தூக்கிய பளு எல்லாமே எண்ணை மேலே தள்ளும்.

★ உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? தசையின் அளவு அவ்வளவாகப் பாதிக்காத ‘சிஸ்டாடின் சி’ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும் பார்க்கலாம். இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆல்புமின் கசிந்தால், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடவே இருந்தால், “தூளால் ஏறியதுதான்” என்று தள்ளிவிடக் கூடாது. டாக்டர் சொன்னால் இரண்டு மூன்று வாரம் தூளை நிறுத்தி, இரண்டு நாள் கடும் பயிற்சியும் விட்டு, மறுபடி ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம். ஆரோக்கியமானவர் கேப் விட வேண்டிய சந்தர்ப்பம் அநேகமாக இது ஒன்றுதான்.

★ அதனால் அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது, “டாக்டர், நான் தினம் இத்தனை கிராம் கிரியேட்டின் எடுக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.