ஓட்டுநர் பயிற்சிக் கட்டணம்: எதை எதனோடு ஒப்பிடுவது?

கார் ஓட்டக் கற்க விரும்புவோர் இரண்டு மூன்று பயிற்சிப் பள்ளிகளில் கட்டணம் விசாரித்து, குறைந்த தொகை கூறிய பள்ளியில் சேர்வது வழக்கம். ஆனால் அத்தொகைக்குள் அடங்குபவை பள்ளிக்குப் பள்ளி மாறுபடும். ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

முதல் பள்ளி 20 வகுப்புகளுக்கு உரிமக் கட்டணம் உட்பட ரூ.6,500 கேட்கிறது. இரண்டாம் பள்ளி 15 வகுப்புகளுக்கு ரூ.4,800 கேட்கிறது, உரிமக் கட்டணம் தனி. இரண்டிலும் ஒரு வகுப்பு அரை மணி நேரம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஒரு வாகன வகைக்குப் பழகுநர் உரிமம் ரூ.150, அதற்கான தேர்வு ரூ.50, ஓட்டுநர் தேர்வு ரூ.300, உரிமம் ரூ.200; ஆக ரூ.700. சில மாநிலங்களில் சேவைக் கட்டணம் கூடுதலாக இருக்கலாம். இந்த ரூ.700-ஐச் சேர்த்தால் இரண்டாம் பள்ளியின் செலவு ரூ.5,500 ஆகிறது. ரூ.1,700 எனத் தோன்றிய வேறுபாடு உண்மையில் ரூ.1,000 மட்டுமே. பயிற்சிக்கு மட்டும் கணக்கிட்டால், முதல் பள்ளியில் 10 மணி நேரத்துக்கு ரூ.5,800, அதாவது மணிக்கு ரூ.580, இரண்டாவதில் ஏழரை மணி நேரத்துக்கு ரூ.4,800, அதாவது மணிக்கு ரூ.640. மலிவாகத் தோன்றியதே விலை கூடியது.

வகுப்பு என்பது ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டும் நேரமாக இருக்க வேண்டும். ஒரே காரில் இருவரை ஏற்றி நேரத்தைப் பங்கிட்டால் இக்கணக்கு பாதியாகிவிடும். ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தைப் பள்ளி பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாகனத்தைப் பொறுத்தவரை, பயிற்றுநர் பக்கமும் பிரேக் உள்ள இரட்டைக் கட்டுப்பாட்டு வாகனமே விதிப்படி பயன்படுத்தத்தக்கது. ஆட்டோமேட்டிக் காரில் மட்டும் பழகியவருக்கும் அதே இலகுரக வாகன உரிமமே கிடைக்கும். ஆயினும் கிளட்சும் கியரும் கைவராது. வீட்டில் உள்ள கார் எவ்வகையோ, அவ்வகையிலேயே பயிற்சி பெறுவது நன்று.

‘உரிமம் உட்பட’ என்ற சொல்லையும் விளக்கிக் கேளுங்கள். தேர்வில் தவறினால் மறுதேர்வுக்கு மீண்டும் ரூ.300 செலுத்த வேண்டும். அதை ஏற்பவர் யார்? தேர்வு நாளன்று கார் தருவதற்குத் தனிக் கட்டணம் உண்டா? பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வு எழுத முடியும். 15 நாளில் முடியும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் இடையே பழக்கம் விட்டுப்போகும். எனவே இரண்டு வகுப்புகளைத் தேர்வுக்கு முந்தைய நாட்களுக்கு ஒதுக்கித் தருவார்களா என்றும் கேளுங்கள்.

அரசுக் கட்டணத்தைப் பரிவாகன் தளத்தில் நீங்களே செலுத்தலாம். பள்ளி செலுத்தினால், விண்ணப்ப எண்ணுடன் உங்கள் பெயரில் உள்ள ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பயிற்சித் தொகையை இரு தவணைகளாக, பள்ளியின் பெயரில் உள்ள கணக்குக்கே செலுத்துவது பாதுகாப்பானது.