பலகையில் இல்லாத விமானம்

“தம்பி, என் ஃப்ளைட்டே இந்த போர்டுல இல்லப்பா.”

தஞ்சாவூரை விட்டு அதிகம் வெளியே போயிராத ஓர் அம்மா, சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய லுஃப்தான்ஸா விமானத்தில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து சிகாகோ விமானத்தைப் பிடிக்க வேண்டும். விமான நிலையத்தின் பெரிய புறப்பாட்டுப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மேற்கண்டபடி கலங்கிப்போய் நிற்கிறார். அவர் டிக்கெட்டில் இருப்பது UA என்று தொடங்கும் நான்கு இலக்க எண். படத்திலோ சிகாகோவுக்கு நேரே LH 430 என்று இருக்கிறது.

உண்மையில் அவருடைய விமானம் அதுதான்.

ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று எண்கள் இருப்பது விமானத் தொழிலில் சாதாரணம். LH என்பது லுஃப்தான்ஸாவின் குறியீடு, UA என்பது அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்தின் குறியீடு. இவ்விரண்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன: ஒருவர் ஓட்டும் விமானத்தின் இருக்கைகளை மற்றவரும் தன் எண்ணைப் போட்டு விற்கலாம். ‘கோட்ஷேர்’ என்பது இதுதான். விமானம், விமானி, பணிப்பெண், சாப்பாடு எல்லாம் லுஃப்தான்ஸாவுடையது. யுனைடெட் விற்ற டிக்கெட்டில் மட்டும் யுனைடெட்டின் எண். ஒரே பேருந்துக்கு இரண்டு ஏஜென்சிகள் தங்கள் தங்கள் சீட்டில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல.

ஓட்டுபவருடைய எண் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். விற்பவர் இன்னொருவர் விமானத்துக்கு இடும் எண் நான்கு இலக்கமாக நீளும். இது சட்டமல்ல, வழக்கம். உறுதியாகத் தெரிந்துகொள்ள டிக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் Operated by Lufthansa என்று இருக்கும். டிக்கெட் அச்சடிப்பவர்கள் இதைவிடப் பொடி எழுத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. ஆனால் பயணிக்கு வேண்டிய முக்கியமான வரி அதுதான்.

சரி, UA எண் ஏன் படத்தில் இல்லை? பலகையில் ஒரு விமானத்துக்கு ஒரு வரிதான் இடம். ஆகவே பல நிலையங்களில் அந்த ஒரே கட்டத்தில் LH 430 சில நொடி தெரியும், பிறகு UA எண், பிறகு வேறொரு கூட்டாளியின் எண் என்று மாறிக்கொண்டே இருக்கும். மொழியும் அப்படித்தான்: பிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மனும் ஆங்கிலமும் மாறி மாறி வரலாம். எதிரே நின்று அரை நிமிடம் பார்த்தால் எல்லாம் கண்ணில் படும். படமோ ஒரே ஒரு நொடியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அம்மா பொத்தானை அழுத்திய நொடியில் UA எண்ணின் முறை வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எண்ணை மட்டும் வைத்துத் தேடாமல் ஊர், நேரம், ஓட்டும் நிறுவனம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு. ஊர் மட்டும் போதாதா என்றால், போதாது. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சிகாகோவுக்கு யுனைடெட்டும் தன் சொந்த விமானத்தை ஓட்டுகிறது. ‘டிக்கெட்டில் யுனைடெட் என்று இருக்கிறது, பலகையில் யுனைடெட்டின் சிகாகோ விமானம் இருக்கிறது’ என்று அந்த வாசலில் போய் உட்கார்ந்துவிட்டால் கணக்கு தவறிவிடும். நம் அம்மாவின் டிக்கெட்டில் புறப்படும் நேரம் 10:50, ஓட்டுவது லுஃப்தான்ஸா. படத்தில் இரண்டுக்கும் பொருந்துவது LH 430 வரி மட்டும்தான்.

அந்த வரியில் அடுத்த கட்டம் கேட். Z58 என்று இருப்பதாகக் கொள்வோம். பதற்றத்தில் 58 மட்டும் மனதில் நிற்கும், எழுத்து நழுவிவிடும். பிராங்க்ஃபர்ட்டில் அது பெரிய வம்பு. அங்கே Z வாசல்கள், A வாசல்கள் இருக்கும் அதே கட்டடத்தின் மேல் தளத்தில் இருக்கின்றன. எண்களும் ஒன்றுபோலவே ஓடுகின்றன. A பக்கம் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு உள்ளேயே பறப்பவர்களுக்கு. Z பக்கம் அமெரிக்கா போன்ற வெளிநாடுகளுக்கு. இரண்டுக்கும் நடுவே பாஸ்போர்ட் சோதனை. ஷெங்கன் விசா இல்லாத அம்மா A58-ஐத் தேடிப் போனால், ஒரு நீண்ட வரிசையின் கடைசியில் அதிகாரி திருப்பி அனுப்புவார். வாசல் தப்பியதைவிட அந்த வரிசையில் போன நேரம்தான் இழப்பு.

கேட் கட்டம் காலியாக இருந்தால் விமானம் இல்லை என்று பொருளல்ல. வாசல் இன்னும் ஒதுக்கவில்லை. லண்டன் ஹீத்ரோ போன்ற இடங்களில் புறப்பட ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போதுதான் பல விமானங்களுக்கு அது நிரம்பும்.

கடைசிக் கட்டத்தில் நிலைச் சொற்கள். Gate open என்றால் ஊழியர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், பயணிகளும் வரலாம். Boarding என்றால் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். Final call என்றால் ஓட வேண்டும். Gate closed வந்துவிட்டால் விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். பலகையில் உள்ள 10:50 விமானம் நகரும் நேரம், ஏறும் நேரமல்ல. நெடுந்தூர விமானங்களில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே ஏற்றத் தொடங்கி, புறப்பட கால் மணிக்கு முன்பே வாசலை மூடிவிடுவது பொதுவான பழக்கம். போர்டிங் பாஸில் ஏறும் நேரம் தனியாக அச்சாகியிருக்கும்.

இவற்றில் அதிகம் ஏமாற்றும் சொல் Delayed. 10:50-க்குப் பக்கத்தில் 11:25 என்று புதிய நேரம் தெரிந்தால், முப்பத்தைந்து நிமிடம் கிடைத்தது என்று காபி குடிக்கப் போகத் தோன்றும். அந்த 11:25 ஒரு கணிப்பு. தாமதத்துக்குக் காரணமான சிக்கல் சீக்கிரம் தீர்ந்தால் நேரம் முன்னால் நகரும், வாசலும் மாறக்கூடும். காபியை வாசலருகே குடிக்கலாம்.

இதோடு படத்துக்கென்றே ஒரு குறை உண்டு: அது பழசாகிவிடும். அம்மா எடுத்தது காலை 8:20. சிகாகோவில் அப்போது நள்ளிரவு 1:20. மகன் தூக்கம் கலைந்து பார்த்தபோது முக்கால் மணி ஓடிவிட்டது. அவன் கைப்பேசி காட்டுவது சிகாகோ நேரம்; அம்மாவின் கைப்பேசி இந்திய நேரத்திலேயே நின்றிருந்தால் மூன்றரை மணி முன்னால் ஓடும், குளிர்காலமென்றால் நாலரை. மூன்று கடிகாரத்தில் எதை நம்புவது? பலகையின் மூலையில் பெரும்பாலும் அந்த ஊர் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்துப் படமெடுத்தால் குழப்பமில்லை.

மகன் அனுப்பிய பதில் சுருக்கம்: “LH 430-தான்மா உங்க ஃப்ளைட். Z58. Z-ஐ விட்டுடாதீங்க. அங்க போய் ஸ்கிரீன்ல உங்க நம்பர் வருதான்னு பாத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்புங்க.”

Z58 வாசலின் திரையில் LH 430-க்கு அடியிலேயே UA எண் தெரிந்தது. அம்மா அதைப் படமெடுத்து அனுப்பினார். சிகாகோவில் மகன் தன் கைப்பேசியில் LH 430 என்று தட்டி, விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று பார்த்துக்கொண்டான்.